வேலையை விடும்போது ஆபீஸ் லோன்: செட்டில்மென்ட் தாளில் எங்கே தப்பு நடக்கிறது

சம்பளக் கணக்குப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் தெரிந்தவர்கள் தங்கள் ஃபைனல் செட்டில்மென்ட் தாளை என்னிடம் கொண்டுவருவார்கள். ஒருமுறை வந்தவர் கடைசி மாதம் முழுக்க வேலை செய்திருந்தார். அப்படியும் அவர்தான் கம்பெனிக்கு 38,000 கட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் அவர் கட்ட வேண்டியது 18,000 மட்டுமே. யாரும் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் யாரும் சரிபார்க்கவும் இல்லை.

அவர் கணக்கையே பார்ப்போம். லோன் தவணை தவிர மற்ற எல்லாப் பிடித்தமும் போக அவர் சம்பளம் 34,000. வட்டியில்லாத ஸ்டாஃப் லோன் 1,20,000, மாதம் 10,000 வீதம் 12 தவணை. ஐந்து தவணை போனபின் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அன்றைக்குப் பாக்கி 70,000. நோட்டீஸ் இரண்டு மாதம். முதல் மாதச் சம்பளம் வழக்கம்போல வந்தது, அதில் 10,000 தவணையும் போனது. ஆக பாக்கி 60,000. இரண்டாம் மாதச் சம்பளத்தைச் செட்டில்மென்ட்டுக்காக நிறுத்தி வைத்தார்கள். எடுக்காத விடுப்புக்கு 8,000 வர வேண்டும். வரவேண்டியது 34,000 + 8,000 = 42,000. கட்ட வேண்டியது 60,000. வித்தியாசம் 18,000.

தாளில் இரண்டு தப்பு. லோன் பாக்கியை ராஜினாமா கொடுத்த தேதியில் எடுத்து 70,000 என்று போட்டிருந்தார்கள். நோட்டீஸ் காலத்தில் பிடித்த தவணை கணக்கிலேயே இல்லை. அது ஒரு 10,000. அடுத்தது, சம்பள மென்பொருள் கடைசி மாதத்திலும் தானாகவே தவணையைக் கழித்துச் சம்பளத்தை 24,000 ஆக்கிவிட்டது. அதற்குமேல் முழு பாக்கியையும் தனியாகக் கழித்தார்கள். அது இன்னொரு 10,000.

உங்கள் தாளிலும் இந்த இரண்டு இடத்தை முதலில் பாருங்கள். லோன் பாக்கி எந்தத் தேதிக்குப் போட்டது? கடைசி மாதச் சம்பள வரியில் ஏற்கெனவே தவணை கழிந்திருக்கிறதா? பழைய பே ஸ்லிப்கள் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. வேலையை விட்ட மறுநாள் ஆபீஸ் லாகின் போய்விடும், பே ஸ்லிப்பும் அதோடு போய்விடும். அதனால் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே எல்லா மாதத்தையும் இறக்கி வையுங்கள். அதே நாளில் லோன் பாக்கி எவ்வளவு என்று அக்கவுண்ட்ஸிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லாக வாங்கினால் அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது பாக்கியை ஒரே வீச்சில் கேட்பது. பெரும்பாலான கம்பெனிகளின் லோன் பத்திரத்தில் 'பணியிலிருந்து விலகினால் நிலுவை முழுவதும் உடனடியாகச் செலுத்தப்பட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். லோன் வாங்கும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வரியோடு சண்டை போடுவது கஷ்டம். ஆனால் உடனடி என்றால் கடைசிச் சம்பளம் மொத்தத்தையும் விழுங்கலாம் என்று அர்த்தமில்லை. சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குப் பல நாடுகளின் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1949-இல் கொண்டுவந்த 95-ஆம் எண் உடன்படிக்கையும், சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதித்த அளவுக்கே பிடித்தம் செய்யலாம், அதன் நிபந்தனைகளை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதனால் 'கம்பெனி பாலிசி அப்படித்தான்' என்று எச்.ஆர். சொன்னால், எந்தச் சட்டப்படி இவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாலிசி சட்டத்துக்கு மேலே உட்கார முடியாது. மீதியை விலகிய பின் மூன்று நான்கு தவணையில் கட்டுகிறேன் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

லோன் வாங்கும்போதே மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. முதலில், தகுதி. 'ஒரு வருடச் சேவை முடிந்தவர்' என்று போட்டிருந்தால், அந்த வருடம் சேர்ந்த நாளிலிருந்தா, பணி நிரந்தரமான நாளிலிருந்தா என்று கேளுங்கள். பயிற்சிக் காலம் முடிந்தும் கன்ஃபர்மேஷன் கடிதம் தராமல் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். அப்புறம் அந்தக் கடிதம் இல்லை என்று லோன் விண்ணப்பத்தைத் திருப்புகிறார்கள். கடிதத்துக்கு எச்.ஆரிடம் போனால் மேலாளரைக் கை காட்டுவார், மேலாளர் எச்.ஆரைக் கை காட்டுவார். இரண்டு பேரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதினால் இந்த ஓட்டம் பாதி நாளில் முடியும்.

'இரண்டு மாதச் சம்பளம் வரை' என்று இருந்தால் அது அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா என்பதும் முக்கியம். அடிப்படை மொத்தத்தில் பாதி என்றால் நீங்கள் நினைத்த தொகையில் பாதிதான் வரும். இதை நம்பி வெளியில் வாக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸும் லோனும் ஒன்றல்ல. அட்வான்ஸ் என்பது வரப்போகும் சம்பளத்திலிருந்து முன்கூட்டியே வாங்குவது. பொதுவாக அடுத்த சம்பளத்திலேயே, இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்குள் பிடித்துவிடுவார்கள். லோன் என்று கேட்டு, அட்வான்ஸ் என்ற தலைப்பில் பணம் வந்தால், அடுத்த மாதம் வீட்டுக்கு எடுத்துப்போக எதுவும் மிஞ்சாது. பணம் வந்த அன்றே அனுமதிக் கடிதத்தில் எந்தத் தலைப்பு, எத்தனை தவணை, எந்த மாதச் சம்பளத்திலிருந்து பிடித்தம் என்று பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் மாதத்தில் தவணை என்ன ஆகும் என்றும் கேட்டு வையுங்கள். சில இடங்களில் தவணை ஒரு மாதம் தள்ளிப்போகும். சில இடங்களில் அடுத்த மாதம் இரண்டு தவணையாக விழும்.

கையெழுத்துப் போடும் காகிதங்களில் இரண்டைப் பற்றிக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பிடித்தத்துக்கான ஒப்புதல் கடிதத்தில் தொகையை நிரப்பாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். 'எந்தத் தொகையையும் பிடித்துக்கொள்ளலாம்' என்ற வாசகம் இருந்தால் அடித்துவிட்டு, லோன் தொகையையும் தவணையையும் எழுதுங்கள். அதேபோல அசல் சான்றிதழ்களை ஈடாகக் கொடுக்கவே கூடாது. வேலை மாறும் நேரத்தில் அவை அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார்.

இன்னொருவர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்கள் நட்புக்காகப் போடுகிறார்கள். கடன் வாங்கியவர் திடீரென்று விலகிப் போனால், மீதியை ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அதே பத்திரத்தில் இருக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் உங்கள் பொறுப்பு எந்தத் தொகை வரை என்று எழுதிப் போடுங்கள்.

பாக்கியெல்லாம் கட்டி முடித்தபின் நோ டியூஸ் கடிதத்தில் லோன் எண்ணும் 'நிலுவை இல்லை' என்ற வாசகமும் இருக்க வேண்டும். ரிலீவிங் லெட்டர் மட்டும் போதாது, அதில் கடனைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தையும் இருக்காது. லோன் வாங்கும்போது காசோலை கொடுத்திருந்தால் அதையும் அன்றே திருப்பி வாங்குங்கள். கிடைக்கவில்லை என்று சொன்னால், காசோலை எண்ணைக் குறிப்பிட்டு அது செல்லாது என்று கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வங்கியிலும் அதை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.