ரெப்போ: பத்திர எழுத்தரிடம் கேட்டால் தெரியும்

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் 2025 ஜனவரியில் வீட்டுக் கடன் வாங்கினார். செப்டம்பரில் பாஸ்புக்கை நீட்டினார். “ரெப்போ கொறஞ்சிட்டுன்னு பேப்பர்ல போட்டுருக்கான், நம்ம தவணை அப்படியேல்லா போகுது தம்பி?” அவர் கேள்விக்கு வருவதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம்.

‘ரீபர்ச்சேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்தான் ரெப்போ. விற்ற பொருளைத் திரும்ப வாங்குவது என்று பொருள். வங்கிக்கு அவசரமாகப் பணம் வேண்டும்போது தன்னிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கியிடம் விற்கும். இன்ன நாளில் இன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போதே ஒப்பந்தமும் போடும். பெரும்பாலும் ஓரிரவுக் காரியம். 5.50 சதவீதத்தில் 100 கோடி வாங்கினால் மறுநாள் சுமார் 1,50,685 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பத்திரத்தை மீட்க வேண்டும். அந்த 5.50தான் பேப்பரில் வரும் ரெப்போ வட்டி.

நாளிதழ்கள் இதைக் ‘குறுகிய காலக் கடனுக்கான வட்டி’ என்று எழுதுகின்றன. அது விளக்கம், பெயர் இல்லை. ‘மீள்கொள்முதல்’ சரியான மொழிபெயர்ப்புதான், ஆனால் வாயில் ஒட்டவில்லை. எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தரிடம் போனால் ‘மறுகிரயம்’ என்பார். நிலத்தைக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தந்ததும் மறுபடி தன் பெயருக்கே எழுதி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒத்தி வேறு: அதில் வீடு கைமாறுமே தவிர கிரயம் ஆகாது. ரெப்போவில் கடன் பத்திரம் விற்கவே படுகிறது. ஆகவே ‘மறுகிரய வட்டி’ என்பதற்கே என் ஓட்டு.

சரி, ஓரிரவு வட்டிக்கும் இருபது வருட வீட்டுக் கடனுக்கும் என்ன சம்பந்தம்? ரிசர்வ் வங்கியிடம் வாங்கிய பணத்தைத்தான் வங்கி நமக்குத் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் போட்ட வைப்புப் பணம். ரெப்போ இங்கே வெறும் அளவுகோல். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடனை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டிவைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய, வங்கி தன் பணச் செலவைப் பார்த்துத் தானே வைக்கும் எம்.சி.எல்.ஆர். என்ற வட்டியோடு கட்டிய கடன்களில் இந்தத் திருத்தம் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் வரும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதியே கிடையாது.

அண்ணாச்சியின் வட்டி ‘ரெப்போ கூட்டல் 2.50’. ஜனவரியில் ரெப்போ 6.50, ஆக 9 சதவீதம். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என ரிசர்வ் வங்கி மூன்று முறை குறைத்ததில் ரெப்போ 5.50-க்கு இறங்கியது, அவர் வட்டி 8 ஆனது. கணக்கு எளிதாக இருக்க முழு 20 லட்சமும் 240 மாதமும் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். 8-இல் அது 16,729 ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் வட்டி குறைந்தால் பல வங்கிகள் தவணையைத் தொடுவதில்லை, மாதங்களைக் குறைத்துவிடுகின்றன. அதே 17,995 கட்டினால் கடன் ஏறக்குறைய 204 மாதத்தில் முடிந்துவிடும். மூன்று வருடம் மிச்சம். அண்ணாச்சி பார்க்க வேண்டியது கணக்கு அறிக்கையில் பாக்கி மாதம் எத்தனை என்ற இடத்தை. பார்த்தார், குறைந்திருந்தது. கையில் காசுதான் வேண்டுமென்றால் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மாதமும் குறையாமல் தவணையும் குறையாமல் இருந்தால்தான் சண்டை போடப் போக வேண்டும். அந்த 2.50-ஐயும் ஒரு கண் பாருங்கள். புதிதாக வருபவருக்கு அதே வங்கி அதைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

அவருடைய மாமியாருக்கோ கதை தலைகீழ். அவர் போட்டது ‘குறித்த கால வைப்பு’, நாம் எஃப்.டி. என்பது. 7.25 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ரெப்போ என்ன ஆட்டம் ஆடினாலும் முதிர்வு நாள் வரை 7.25தான். வைப்பு வட்டி ரெப்போவோடு கட்டப்படவும் இல்லை. டெபாசிட் எவ்வளவு தேவை என்று பார்த்து ஒவ்வொரு வங்கியும் தானே வைக்கும் விலை அது. கடன் வட்டி சட்டென்று இறங்க, பழைய வைப்புக்குக் கொடுக்கும் வட்டி இறங்காததால், வங்கிகள் புது வைப்பில்தான் கை வைக்கின்றன.

அடி விழுவது முதிர்வு நாளில். ‘தானாகப் புதுப்பி’ என்று முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைய வட்டிக்குப் புதுப்பித்துவிடுவார்கள். அன்றைக்கு அது 6.50 என்றால், 5 லட்சத்துக்கு வருடம் 3,750 ரூபாய் குறைவு. மாமியார் இதைக் கேட்டுவிட்டு, பணத்தை மூன்றாகப் பிரித்து மூன்று வேறு வேறு முதிர்வுத் தேதிக்குப் போடச் சொன்னார். ஒன்று குறைந்த வட்டியில் மாட்டினாலும் மற்ற இரண்டும் பழைய வட்டியிலேயே கொஞ்ச நாள் ஓடட்டும் என்பது அவர் கணக்கு.