ரீலுக்கு வியூஸ் வந்தது சரி, ரூமுக்கு ஆள் வந்தாங்களா?

"சார், ரீல் மூணு லட்சம் வியூஸ் தாண்டிடுச்சு. ஆனா நேரடியா ஒரு புக்கிங்கூட வரலை." ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்குச் சமூக ஊடக வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில், இந்தப் புலம்பல் எனக்குப் பழகிப்போன ஒன்று. போன வாரம் கொடைக்கானல் பள்ளங்கி பக்கத்திலிருந்து அதே வார்த்தைகளில் மறுபடியும் வந்ததால் பொறுமை போய் இதை எழுதுகிறேன்.

அந்த ரீலைப் பார்த்தேன். மூடுபனி, ஒரு டீ டம்ளர், அதைப் பிடித்த ஒரு கை, பின்னணியில் அந்த மாதம் எல்லாரும் போட்ட பாட்டு. வீடு எங்கே இருக்கிறது என்று இல்லை, ரூம் இல்லை, பாத்ரூம் இல்லை. கீழே கமெண்டில் ஆள் ஆளுக்கு "பிரைஸ்?" என்று கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் "டிஎம் பாருங்க" என்று பதில். இன்சைட்ஸைத் திறந்து எந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால், சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் வரக்கூடிய மதுரையும் திருச்சியும் கோவையும் அதில் இல்லவே இல்லை.

எத்தனை முறை சொன்னாலும் தலையில் ஏறாத விஷயம் இதுதான்: ரீலைப் பார்த்த உடனே யாரும் முன்பின் தெரியாத ஆளுக்குப் பணம் அனுப்பி ரூம் போடுவதில்லை. உங்களுக்கு நேரடியாக வரக்கூடிய விருந்தினர் வருகிற வழியே வேறு. அவர் முதலில் ரூம் புக் செய்யும் போர்ட்டலில்தான் தேடுகிறார், பத்து வீடுகளில் உங்களுடையது கண்ணில் படுகிறது, விலை பிடித்திருக்கிறது. அப்புறம் உங்கள் ஹோம்ஸ்டே பெயரை கூகுளில் அடிக்கிறார், இன்ஸ்டாகிராமிலும் அடிக்கிறார், ஏனென்றால் படத்தில் இருப்பது நிஜமா, போன் போட்டால் எடுக்க ஆள் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் பக்கம் இருக்க வேண்டியது அந்த மனிதருக்காக. பாதி முடிவு எடுத்துவிட்டு, மீதிப் பாதிக்காக உங்களைத் தேடி வந்தவர் அவர். அவரிடம் பனியைக் காட்டி என்ன பயன்? பனி கொடைக்கானலில் எல்லா வீட்டு வாசலிலும்தான் இருக்கிறது.

அவர் கவலையெல்லாம் வேறு. மெயின் ரோட்டிலிருந்து கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்கும், இன்னோவா இறங்குமா, முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட்டா, கீசர் உண்டா, ராத்திரி சாப்பாடு கிடைக்குமா. இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகளைப் பக்கத்தின் மேலே பின் செய்து வைக்கலாம். பள்ளங்கிக்காரரிடம் செய்யச் சொன்னதும் அதைத்தான். ஒன்று, மெயின் ரோட்டுத் திருப்பத்திலிருந்து வீட்டு கேட் வரை காரில் வரும் வழி, வெட்டாமல் ஒரே ஷாட். இரண்டு, ரூம் கதவைத் திறந்து, கட்டில், ஜன்னல், பாத்ரூம், குழாயைத் திறந்தால் வரும் வெந்நீர் வரை. மூன்று, வீட்டம்மா சமையலறையில் நின்று காலை உணவுக்கு என்ன தருகிறோம், இ-பாஸ் எப்படி எடுப்பது என்று ஒரு நிமிடம் பேசுவது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது, அதைப் பற்றி முதலில் விளக்குகிற வீட்டுக்காரர் மேல் விருந்தினருக்குத் தானாகவே ஒரு நம்பிக்கை வரும். இந்த மூன்றுக்கும் வியூஸ் சில நூறுதான் வரும். வரட்டும், போதும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்டலில் ஒரு பெயர், கூகுள் மேப்பில் வேறு பெயர், இன்ஸ்டாகிராமில் மகன் வைத்த ஸ்டைலான பெயர் என்று இருந்தால் தேடுபவர் உங்களைக் கண்டுபிடிக்கவே மாட்டார். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே போன் நம்பர். கூகுள் பக்கத்தில் இருக்கும் நம்பர் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே ஒரு முறை பாருங்கள், பழைய மேனேஜர் நம்பர் இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது விலை. மறைத்து வைத்தால் ஆள் பேச வருவான், பேச வந்தால் மடக்கிவிடலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. போர்ட்டலில் விலை பளிச்சென்று இருக்கிறது, உங்களிடம் கேட்டால் "டிஎம்" என்றால் அவர் போர்ட்டலுக்கே திரும்பிப் போவார். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான், அதில் குவிக் ரிப்ளை என்று ஒன்று உண்டு, இப்படி ஒரு பதிலைச் சேமித்து வையுங்கள்: "வணக்கம். ரூம் ஒரு இரவுக்கு 3,500 ரூபாய், சனி ஞாயிறு 4,200, காலை உணவு சேர்த்து. கார் கேட் வரை வரும். எந்தத் தேதி, பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர்?" தேதி சொல்லிப் பதில் வந்தால் அவர் விருந்தினர், வராவிட்டால் சும்மா கேட்டவர். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த கேள்விக்கு மறுநாள் மத்தியானம் பதில் சொன்னால், அதற்குள் அவர் வேறு வீட்டில் ரூம் போட்டிருப்பார்.

போர்ட்டல் இல்லாமல் நேரடியாக ஒருவர் வந்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,500 ரூபாய் ரூமுக்குப் போர்ட்டல் எடுக்கும் கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 630, அந்தக் கமிஷன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் இன்னொரு 113. ஒரு இரவுக்கு 743 ரூபாய். நேரடியாக வருபவருக்கு அதில் கொஞ்சம் கொடுக்கலாம், தப்பில்லை, ஆனால் "போர்ட்டலைவிட 700 குறைவு" என்று ரீல் போட்டுவிடாதீர்கள். சில ஒப்பந்தங்களில் வேறு இடத்தில் குறைத்து விளம்பரப்படுத்தக் கூடாது என்று இருக்கும், கையெழுத்துப் போட்டதை எடுத்துப் படியுங்கள். விலையைக் குறைப்பதற்குப் பதில் ராத்திரிச் சாப்பாடு, இல்லையென்றால் மத்தியானம் இரண்டு மணி வரை தங்க அனுமதி என்று கொடுத்துப் பாருங்கள், குடும்பத்தோடு வருபவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். போர்ட்டலில் ஏற்கெனவே புக் செய்தவரை "கேன்சல் பண்ணிட்டு எனக்கே அனுப்புங்க" என்று கேட்கும் வேலை மட்டும் வேண்டாம். லிஸ்டிங் போய்விடும்.

பூஸ்ட் பட்டனைப் பற்றி ஒரு வரி: இந்தியா முழுக்க, 18 முதல் 65 வயது வரை என்று விட்டால் லைக்தான் வரும். செலவழித்தே தீருவேன் என்றால், தட்டினால் வாட்ஸ்அப் திறக்கிற விளம்பரமாக, நான்கைந்து ஊர்களுக்கு மட்டும் போடுங்கள், தேதி சொல்லிக் கேட்டவர்களை மட்டும் எண்ணுங்கள்.

பணம் வாங்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் படங்களை எடுத்துப் போலிப் பக்கம் தொடங்கி முன்பணம் வாங்கி ஏமாற்றுகிற கும்பல்கள் இருக்கின்றன, விருந்தினருக்கும் அது தெரியும், அதனால் யுபிஐயில் மச்சான் பெயர் வந்தால் அவர் பயந்து நின்றுவிடுவார். ஹோம்ஸ்டே பெயரிலேயே வங்கிக் கணக்கு திறந்து, அந்தப் பெயர் திரையில் வருகிற மாதிரி செய்யுங்கள். முழுப் பணம் கேட்காதீர்கள், கால்வாசி முன்பணம் போதும். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். மாதம் ஒருமுறை உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள், போலிப் பக்கம் இருந்தால் ரிப்போர்ட் செய்துவிட்டு, உங்கள் பயோவில் "இந்த ஒரே நம்பர்தான்" என்று போடுங்கள்.

கடைசியாக, தயவுசெய்து, முன்பணம் வந்த அடுத்த நிமிடம் போர்ட்டல் காலண்டரில் அந்தத் தேதியை உங்கள் கையாலேயே மூடுங்கள். காலண்டர்களை இணைத்திருக்கிறேன், தானாக மாறிவிடும் என்பீர்கள். அது மாறச் சில மணி நேரம்கூட ஆகலாம். மே மாதச் சனிக்கிழமையில் அந்த இடைவெளியில் இன்னொரு குடும்பம் அதே ரூமை எடுத்துவிட்டால், இரண்டு கார்களும் கேட்டில் வந்து நிற்கும்போது எனக்குப் போன் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை.