பட்டமளிப்பா, படியேற்றமா?

மார்ச் மாதம் வந்தால் மதுரையைச் சுற்றி எந்த மழலையர் பள்ளி வாசலிலும் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும்: 'யு.கே.ஜி. குழந்தைகளுக்கான பட்டமளிப்பு விழா.' நானும் பல வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துபோனவன்தான். இந்த முறை முடியவில்லை. திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கும் என் அக்கா மகள், குழந்தைகள் பாட வேண்டிய பாட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

'நாங்கள் இன்று பட்டதாரிகள், தொப்பிகளை அணிந்துள்ளோம், எங்கள் எதிர்காலம் ஒளிர்கிறது.'

ஆங்கிலப் பாட்டு ஒன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எந்த ஐந்து வயதுக் குழந்தை 'அணிந்துள்ளோம்' என்று பேசும்?

சரி, சொல்லுக்கு வருவோம். கிராஜுவேஷன் என்பதன் வேர் லத்தீனில் 'கிராதுஸ்'. படி என்று பொருள். பல்கலைக்கழகத்தில் ஒரு படி ஏறியவர் என்பதுதான் பழைய பயன்பாடு. அப்புறம் அமெரிக்கர்கள் அந்தச் சொல்லைத் தளர்த்தி, பள்ளிக்கூடம் முடிப்பதற்கும், மழலையர் வகுப்பு முடிப்பதற்கும்கூடச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் சொல் நீண்டுகொடுத்தது. நம் சொல் அப்படி நீளாது.

ஏனென்றால் பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் பொன் தகடு. வடமொழி 'பட்ட' என்பதோடு சேர்த்துச் சொல்வார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அதைக் கட்டினால் அரசுரிமை வந்ததாகப் பொருள். இதை மதுரைக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், கையில் செங்கோல், அடுத்த நாளே திக்விஜயம் கிளம்பிவிடுகிறாள். பட்டம் என்றால் அதிகாரம் கைமாற வேண்டும். பல்கலைக்கழகப் பட்டத்திலும் அது உண்டு: அதைக் காட்டி வேலை கேட்கலாம், சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் பட்டதாரி தொகுதியில் வாக்காளராகப் பதியலாம். பட்டதாரி என்பது தமிழ்நாட்டில் அரசுக் காகிதங்களில் நடமாடும் சொல். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால் பொறியியல் படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். போன வருட விழாவில் ஒரு பாட்டி, 'எங்க வீட்ல இவதான் முதல் பட்டதாரி, சர்ட்டிபிகேட் எங்க வாங்கணும்?' என்று சிரிக்காமல் கேட்டாராம். கிண்டலா நிஜமா என்று என் அக்கா மகளுக்கு இன்றுவரை புரியவில்லை.

'அதெல்லாம் ஒரு சந்தோஷத்துக்குத்தானே மாமா' என்றாள். விழா வேண்டாம் என்று யார் சொன்னது? கறுப்புச் சார்ட்டில் வெட்டிய சதுரத் தொப்பி, நுனியில் மஞ்சள் கம்பளி நூல் குஞ்சம், எல்லாம் இருக்கட்டும். ஒத்திகையில் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. பாதிப் பேருக்குத் தொப்பி மூக்குவரை இறங்கிவிட்டது. ஆனால் அங்கேதான் சொல்லின் கோளாறும் கண்ணுக்குத் தெரிந்தது. 'பட்டதாரிகள்' என்று பாடும்போது முன்வரிசைப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்து நூலை இழுப்பதுபோல் கையை ஆட்டினான். அவனுக்குத் தெரிந்த பட்டம் அதுதான்! பக்கத்தில் இருந்த நாலு பேரும் நூல் விடத் தொடங்கினார்கள்.

சிலர் 'நிறைவு விழா' என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது, கருத்தரங்கு முடிகிற மாதிரி. ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு என்ன நிறைந்துவிட்டது? என் கட்சி 'படியேற்ற விழா.' லத்தீன் வேரும் படிதான், நம் படியும் படிதான். ஏறுகிற படியும் புத்தகத்தைப் படிக்கச் சொல்லும் 'படி'யும் தமிழில் ஒரே ஒலி. இப்படிக் கையில் வந்து விழுந்த சொல்லை விட்டுவிட்டு அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்வது! வாழ்த்து அட்டை முதல் வங்கி விண்ணப்பம்வரை இதே கதைதான்.

பாட்டை மாற்றி எழுதினேன். சின்னக் குழந்தை பாடுவதென்றால் ஒரே மூச்சில் முடிகிற அடியாக இருக்க வேண்டும், அடிதோறும் எதுகை விழ வேண்டும், அந்தப் பிடியில்தான் அடுத்த வரி நினைவுக்கு வரும். பழைய பாட்டில் எதுகையே இல்லை, அதனால்தான் இரண்டாம் வரியில் எல்லோரும் டீச்சர் வாயைப் பார்த்தார்கள்.

சின்னப் படியில் ஏறிட்டோம்
முன்னே இன்னும் படியிருக்கு
ஒன்னாம் வகுப்பு டீச்சரே
என்ன சொல்லித் தருவீங்க?

முதல் வரிக்கு ஒரு காலைத் தூக்கி வைக்கலாம், கடைசி வரிக்குக் கையை விரிக்கலாம். இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

'விழாப் பேரையும் மாத்துங்க' என்றேன்.

'அழைப்பிதழ் அடிச்சாச்சு மாமா. பாட்டோட நிறுத்திக்குவோம்.'