பேன்ட்டில் 36, டேப்பில் 39

டிப்போவில் நடந்த உடல்நலப் பரிசோதனையில் நர்ஸ் டேப்பை எடுத்ததுமே அந்தக் கண்டக்டர் சொல்லிவிட்டார்: "36 இஞ்ச்தான்மா. பத்து வருஷமா அதே சைஸ் பேன்ட்."

"இருக்கட்டும் அண்ணா, ஒரு தடவை அளந்துடுறேன். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க."

டேப் காட்டியது 99 சென்டிமீட்டர், அதாவது 39 இஞ்ச். (இந்தக் கண்டக்டர் நான் இங்கே உதாரணத்துக்காக உருவாக்கிக்கொண்டவர். வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 77 கிலோ.) அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் டேப்பும் சரி, பேன்ட்டும் சரி. இரண்டும் அளந்த இடம்தான் வேறு வேறு. தொப்பை விழ ஆரம்பித்ததும் பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். அங்கே எலும்புதான் அகலத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் பேன்ட் சைஸ் வருடக்கணக்கில் மாறாமலே இருக்கும். வளர்ந்ததெல்லாம் பெல்ட்டுக்கு மேலே.

அளக்க வேண்டிய இடத்தைக் கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். விலாப் பக்கத்தில் அழுத்தினால் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பு தட்டுப்படும். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், சதையை இறுக்கக் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது எண்ணைப் படிக்க வேண்டும். சட்டைக்கு மேலே வைத்தாலோ, தொப்புளைக் குறிவைத்து அளந்தாலோ எண் மாறிவிடும்.

சரி, 99 என்றால் என்ன? தெற்காசிய வம்சாவளி ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது பரவலாகப் பயன்படும் எச்சரிக்கைக் கோடு. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. இன்னொரு எளிய கணக்கும் உண்டு: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். இவருக்கு அந்தப் பாதி 84. எப்படிப் பார்த்தாலும் கோட்டைத் தாண்டிவிட்டார்.

எடை மெஷின் சொல்லாத ஒன்றை டேப் சொல்கிறது, அதனால்தான் இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வயிற்றுக் கொழுப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. கையால் கிள்ளிப் பிடிக்க முடிவது தோலுக்கு அடியில் இருப்பது, அதனால் வரும் கெடுதல் ஓரளவுதான். மற்றது வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றிச் சேர்வது. அதைக் கிள்ள முடியாது. தொப்பை கல் மாதிரி கெட்டியாகத் தெரிவதற்குப் பல சமயம் இந்த உள்கொழுப்புதான் காரணம். குடல் பகுதியிலிருந்து புறப்படும் ரத்தம் உடம்பைச் சுற்றிவிட்டுப் போவதில்லை, நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. உள்கொழுப்பு கரைந்து விடும் கொழுப்பு அமிலங்களும் அதே வழியில் போய்ச் சேர்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்பதில்லை. சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மெல்ல ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்கொழுப்பு எவ்வளவு என்று துல்லியமாகப் பார்க்க ஸ்கேன் வேண்டும், டேப்பால் இரண்டு அடுக்கையும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனாலும் சுற்றளவு ஏறும்போது உள்கொழுப்பும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறுகிறது.

"நாள் முழுக்க நின்னுக்கிட்டேதானே இருக்கேன், எப்படி?" என்று கேட்டார் கண்டக்டர். நியாயமான கேள்வி, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஜெர்ரி மோரிஸும் அவருடைய சகாக்களும் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் வெளியிட்ட முடிவின்படி, உட்கார்ந்தே வேலை பார்த்த டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவை மாடி பஸ்கள், கண்டக்டர்கள் நாள் முழுக்கப் படியேறி இறங்கினார்கள். பிறகு 1956-ல் அதே குழு ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் பேன்ட் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது! அப்படியானால் வேலைக்குச் சேரும்போதே இரண்டு கூட்டமும் ஒன்றுபோல இல்லையோ என்ற சந்தேகம் வந்தது. தங்கள் முடிவையே கிளறிப் பார்த்த அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம் கண்டக்டரின் பஸ்ஸில் மாடி கிடையாது. கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நிற்பதும், பின்சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பதும்தான் வேலை. நிற்பது கால்களைக் களைப்பாக்கும், ஆனால் அதில் செலவாகும் சக்தி உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். களைப்பை உழைப்பு என்று எடுத்துக்கொண்டதில்தான் அவர் கணக்கு தவறியது.

அவர் மாற்றியது மூன்று விஷயங்கள். முதலில் டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஆக 12 ஸ்பூன். டீயைக் குறைக்கச் சொன்னால் அவருக்கு வேலையே ஓடாது. அதனால் சர்க்கரையை மட்டும் அரை ஸ்பூனுக்குக் கொண்டுவந்தார். மிச்சமானது 9 ஸ்பூன், சுமார் 36 கிராம், 140 கலோரிக்கு மேல். முதல் வாரம் டீ சப்பென்றுதான் இருந்தது, அப்புறம் நாக்கு பழகிவிட்டது.

அடுத்தது, கடைசி ஸ்டாப்பில் பஸ் நிற்கும் நேரம். வழக்கமாக சீட்டில் சாய்ந்துவிடுவார். இப்போது ஒவ்வொரு இடைவெளியிலும் பத்து நிமிடம் கொஞ்சம் வேகமாக நடக்கிறார், நான்கு இடைவெளி சேர்ந்தால் 40 நிமிடம். அதில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருகிறது. இயங்கும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்த நடைக்குத் தனிப் பலன் உண்டு. மூன்றாவது, ராத்திரிச் சாப்பாடு. கடைசி டிரிப் முடிந்து வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பதை விட்டு, சாயங்கால இடைவெளியிலேயே பாதியைச் சாப்பிட்டுவிடுகிறார். தொப்பை குறைய சிட்-அப் எடுக்கச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்தினார். அது வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும், அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது.

ஒரு மாதம் கழித்து வீட்டில் அளந்தால் 100. மனிதர் வெறுத்துப்போனார். நடந்தது என்னவென்றால், சாப்பிட்ட கையோடு தொப்புள் மட்டத்தில் அளந்திருக்கிறார். சாப்பாடு, வாயு, டேப் நழுவிய இடம் எல்லாம் சேர்ந்தால் ஒன்றிரண்டு செ.மீ. சாதாரணமாக மாறும், ஆகவே அந்த அளவு வித்தியாசத்தை வைத்து ஏறியது, இறங்கியது என்று முடிவுகட்ட முடியாது. காலையில், கழிவறை போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில், எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மாதம் ஒரு தடவை போதும். அப்படி அளந்தபோது 98 வந்தது. மூன்றாம் மாத முடிவில் 96. எடை 2 கிலோதான் குறைந்திருந்தது.

84-க்கு இன்னும் 12 செ.மீ. இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சிக்கும் உணவு மாற்றத்துக்கும் முதலில் இளகுவது பெரும்பாலும் உள்கொழுப்புதான், அதனால் அந்த 3 செ.மீ. கல்லீரலுக்குச் சிறிய விஷயமில்லை. அவருடைய அடுத்த இலக்கு 90. இந்தக் கணக்கு எதற்கும் பொருந்தாத நிலை ஒன்றும் உண்டு: சில வாரங்களுக்குள் வயிறு மளமளவென்று உப்பி, கால் வீக்கமோ கண் மஞ்சளோ சேர்ந்து வந்தால் அது கொழுப்பாக இல்லாமல் வயிற்றில் நீர் கோத்ததாக இருக்கலாம். அப்போது டேப்பை வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.