"உன் இஷ்டம்" என்றால் யார் இஷ்டம்?

பட்டர்வொர்த்தில் ஒரு தம்பதி. மனைவி தாதி, கணவருக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. வீட்டில் யார் முடிவெடுக்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார், யார் பேச்சைத் தவிர்க்கிறார் என்பதை உரையாடலிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? இருவருடைய வாட்ஸ்அப் உரையாடலை அதை விளக்குவதற்காக நானே அமைத்திருக்கிறேன்.

மதியம் 12.40, மனைவி: ஏங்க, அக்கா 3,000 வெள்ளி கடன் கேட்டாங்க. கொடுக்கலாமா?
மாலை 6.15, கணவர்: வரும்போது பால் வாங்கணுமா?
இரவு 9.05, மனைவி: அக்கா விஷயம் என்னாச்சு?
9.06, கணவர்: உன் இஷ்டம்.
9.08, மனைவி: அப்போ 1,500 கொடுக்கிறேன்.
9.09, கணவர்: 15-ஆம் தேதி காருக்கு ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் கட்டணும்.
9.20, மனைவி: சரி, அடுத்த மாசம் பார்க்கலாம்.

மேலோட்டமாகப் படித்தால் மனைவிதான் முடிவெடுக்கிறார், கணவர் விட்டுக்கொடுக்கிறார் என்று தோன்றும். "கொடுக்கிறேன்" என்று சொன்னவர் அவர்தானே. ஆனால் சொற்களை ஒதுக்கிவிட்டுத் தொகையை மட்டும் பின்தொடருங்கள். 3,000 என்று தொடங்கியது 1,500 ஆகி, கடைசியில் ஒன்றுமில்லை என்று நிற்கிறது. முதல் குறைப்பை மனைவி தானாகவே செய்தார்; எதிர்ப்பு வரும் என்று முன்கூட்டியே கணித்திருக்கலாம். இரண்டாவது, கணவரின் 9.09 வரிக்குப் பிறகு நடந்தது. அந்த வரியில் 'வேண்டாம்' என்ற சொல்லே இல்லை. ஒரு தேதியும் ஒரு செலவும்தான் இருக்கின்றன, அவையே மறுப்பின் வேலையைச் செய்துவிட்டன. "உன் இஷ்டம்" உண்மையான விட்டுக்கொடுப்பு என்றால், அதன்பின் மனைவி சொன்ன தொகை அப்படியே நின்றிருக்கும்.

தவிர்ப்பதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஐந்தரை மணி நேர மௌனம் மட்டும் எதையும் காட்டாது, ஷிப்டில் கைபேசியைப் பூட்டி வைத்திருப்பார். பால் வரிதான் தடயம். கேள்வியைப் படித்தவர் அதைத் தாண்டி வேறொன்றுக்குத் தாவியிருக்கிறார். இப்படி ஒருவர் துரத்த, மற்றவர் நழுவும் போக்கை உளவியலாளர்கள் ஆன்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990-இல் ஆராய்ந்தார்கள். நழுவுவதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அதில் எனக்கு முக்கியமாகப்படுகிறது. மாற்றம் வேண்டும் என்பவர் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். இருப்பது இருந்தபடி இருந்தால் போதும் என்பவருக்குப் பேச்சு நடக்காமல் போனாலே லாபம். காரை மாற்றும் ஆசை கணவருக்கு வந்தால், துரத்துபவர் அவராகவும் நழுவுபவர் மனைவியாகவும் இருக்கலாம்.

அதனால் ஒரே உரையாடலை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கடன், கார், பிள்ளையின் டியூஷன் என்று பல விஷயங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதலில் கேட்டது என்ன, கடைசியில் நடந்தது என்ன, எந்த வரிக்குப் பிறகு மாறியது என்று குறிக்க வேண்டும். மாதாமாதம் பில் கட்டுபவரை முடிவெடுப்பவராக எண்ணிவிடுவது இதில் அடிக்கடி நேரும் பிழை. செய்து முடிக்கும் அதிகாரம் வேறு, யார் எதைச் செய்வது என்று வகுக்கும் அதிகாரம் வேறு என்று சமூகவியலாளர் சாஃபிலியோஸ்-ரோத்ஸ்சைல்ட் 1976-லேயே பிரித்துக் காட்டினார்.

9.09-க்கும் 9.20-க்கும் நடுவே பதினொரு நிமிடம் இருக்கிறது. கணவர் அப்போது வீடு திரும்பியிருந்தால், இருவரும் சமையலறையில் நேரிலேயே பேசியிருக்கலாம். அந்தப் பேச்சு திரையில் பதிவாகாது.