எழுத்துப் பட்டியலை வைத்து ஓலை படிக்கிறவர்களுக்கு

கைப்பேசியில் எடுத்த ஓலைச்சுவடிப் படம் ஒன்று போன வாரம் வந்தது. "ஐயா, படித்துவிட்டேன். கம்பர் பெயர் வருகிறது, பணத்துக்கு ஏதோ விடையும் சொல்கிறது. பொருள் மட்டும் சொல்லுங்கள்" என்று கூடவே ஒரு குறிப்பு. எங்கிருந்தோ எடுத்த பழைய எழுத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதியிருந்தார். இந்த மாதிரிக் குறிப்புகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் அனுப்புகிறவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்; சித்தர் ரகசியம், புதையல், கம்பர், இவற்றில் ஏதாவது ஒன்று. அந்த ஓலையில் இருந்தது கந்தக மருந்து ஒன்றைச் செய்யும் முறை.

பழைய எழுத்து தெரிந்தால் ஓலை படித்துவிடலாம் என்ற எண்ணம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். உண்மையில் எழுத்து அவ்வளவு பெரிய தடை இல்லை. வீடுகளில் கிடைக்கும் ஓலைகள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். ஓலை அதற்கு மேல் தாங்குவது அரிது. நைந்துபோவதற்குள் பார்த்துப் படியெடுத்துப் படியெடுத்துத்தான் பழைய நூல்கள் நமக்கு வந்து சேர்ந்தன. ஆகவே வட்டெழுத்து, பிராமி என்று பயப்பட வேண்டாம். ணா, றா, னா, லை, ளை இவற்றின் பழைய வடிவங்கள் பழக வேண்டுமா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் ஒன்றை எடுத்துப் படியுங்கள், சில நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

ஓலையில் இல்லாததுதான் சிக்கல். புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. வைத்தால் ஓலை கிழியும் என்பார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பிரித்துக் காட்டிய பிறகும், ஏடெழுதியவர்கள் பலர் பழைய வழக்கத்தை விடவில்லை. போதாக்குறைக்கு, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. செய்யுளானாலும் அடி முடிந்தால் அடுத்த வரி என்பதெல்லாம் இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு கொம்பு, க, ஒரு கால், ள, ம. இவ்வளவுதான் ஓலையில் இருக்கிறது. இதைக் கோளம் என்றும் படிக்கலாம், கேரளம் என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் கீறல் ஒன்றே. பட்டியல் இதில் எப்படி உதவும்? அது ஒவ்வொரு கீறலுக்கும் ஒரே ஒரு எழுத்தைக் காட்டி, மற்ற வாய்ப்புகளை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

சரி, அன்பர் அனுப்பிய வரிக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுதினால் இப்படி இருக்கும்:

கெநதகமபாலிலசுததிசெயதுபணவிடைகதெனிலகொளளவும

அவர் "கெந்த" என்று நிறுத்திவிட்டு, பகரத்துக்கு அடுத்திருந்த காலை ரகரமாக எடுத்துக்கொண்டார். உடனே "கம்பர்" வந்துவிட்டார். மிச்சமிருந்த "லில" என்ன என்று கேட்டால் பதில் இல்லை. நான் சொல்லும் சோதனை இதுதான்: ஒரு சொல் எவ்வளவு அழகாகக் கிடைத்தாலும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை சொல்லாக நிற்காவிட்டால் அந்தப் பிரிப்பு தவறு. "கெந்தகம்" என்று சேர்த்தால் மீதி "பாலில்" அல்லது "பரலில்". பரல் என்றால் கூழாங்கல், அதுவும் நல்ல சொல்தான். ஆனால் தொடர்ந்து "சுத்தி செய்து" வருகிறது. கந்தகத்தைப் பாலில் சுத்தி செய்வது சித்த மருத்துவத்தில் உள்ள முறை. ஆக, அது கால், ரகரம் அல்ல.

அடுத்தது அவருடைய "பண விடை". பணவிடை என்பது ஒரு நிறை அளவு, அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அளவு வந்தால் பக்கத்தில் எண் வந்தாக வேண்டும். அவர் அந்தக் ககரத்தை அடுத்த சொல்லோடு ஒட்டி "கதெனில்" என்று படித்தார். அது எழுத்தே அல்ல, ஒன்று என்ற எண். தமிழ் எண்களில் பல, எழுத்துகள் போலவே இருக்கும். ஒன்றுக்குக் க, எட்டுக்கு அ, பத்துக்கு ய, கால் என்ற பின்னத்துக்கு வ. எண்ணைப் பிரித்துவிட்டால் எஞ்சியது "தெனில", அது தேனில். கெந்தகம் பாலில் சுத்தி செய்து, பணவிடை ஒன்று, தேனில் கொள்ளவும்.

வரி தெளிவாகிவிட்டது என்று யாரும் கந்தகம் வாங்கக் கிளம்ப வேண்டாம், தயவுசெய்து! அந்தக் "க"வுக்கு மேலே பூச்சி அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் இருந்தது க தானா, வ வா என்று படத்தை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒன்றுக்கும் காலுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். சுத்தி எத்தனை முறை, எப்படி என்பதையும் ஓலை சொல்லவில்லை. எழுதியவருக்கு அது தெரியும், வைத்தியருக்காக எழுதினார். மருந்து ஓலையைப் படித்துவிட்டு நீங்களே செய்து சாப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

பூச்சி ஓட்டையைப் பற்றி இன்னொன்று. அதைப் புள்ளி என்று எண்ணி மெய்யெழுத்தாகப் படிப்பவர்கள் நிறையப் பேர். ஓட்டை என்றால் ஓலையின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரியும். இதற்காகவாவது இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள்.

படம் எடுக்கும்போது பிளாஷ் போடாதீர்கள். எழுத்தாணிக் கீறல் என்பது பள்ளம். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஓலை பளபளக்கும், கீறல் மறைந்துவிடும். விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்தால் பள்ளத்தில் நிழல் விழும், மை போன ஓலையிலும் எழுத்து எழுந்து வரும். வெளிச்சத்தை எதிர்ப்பக்கம் மாற்றி இன்னொரு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத கொம்பு மற்றதில் தெரியலாம். முழு ஓலைக்கு ஒரு படம், பிறகு இடமிருந்து வலமாக ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி துண்டுப் படங்கள். இடது ஓரத்து ஏட்டெண்ணை வெட்டிவிடாதீர்கள். வரி, கயிறு கோக்கும் துளையைத் தாண்டியும் ஓடும். துளைக்கு இந்தப் பக்கத்தை ஒரு பத்தியாகவும் அந்தப் பக்கத்தை இன்னொரு பத்தியாகவும் படித்துவிட்டு, பொருள் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவரும் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், எழுத்து கலங்காது.

எழுத்து தெரியவில்லை என்று வீட்டு எண்ணெயையோ மஞ்சளையோ கரியையோ ஓலையில் தேய்க்காதீர்கள். மை பூசும் முறை தனி, தெரிந்தவர்கள் செய்யட்டும். ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்கவும் வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும் இருக்கின்றன, கட்டோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

நீங்களே படித்துப் பார்க்க ஆசையா, தாராளமாகச் செய்யுங்கள். முதல் வரியில் கண்டதை மட்டும் எழுதுங்கள். புள்ளி வைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். சந்தேகமான காலுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். அதே கீறலுக்கு மேல் இகர விலங்கோ ஈகாரச் சுழியோ ஏறியிருந்தால் அது ரகரமேதான், காலுக்கு அவை ஏறாது. அப்புறம் இரண்டாவது வரியில் பிரித்து எழுதுங்கள். பாட்டாக இருந்தால் எதுகை பிடிபடும் இடத்தில் அடி தொடங்கும். என்னிடம் அனுப்பும்போது இரண்டு வரியையும் அனுப்புங்கள், முதல் வரிதான் எனக்கு முக்கியம்.