கேன்வாவைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள்

கார்த்திகை தீபம் நெருங்கினால் கும்பகோணம் பக்கத்து விளக்குக் கடைகளிலிருந்து இன்ஸ்டாகிராம் கரோசல்கள் வரிசைகட்டி வரும். பத்து ஸ்லைடு இருக்கும். முதலாவதில் லோகோ, இரண்டாவதில் வணக்கம், மூன்றாவதில் கடை வரலாறு. சொல்லவந்த விஷயம் எட்டாவதில் கிடக்கும், அதுவரை யார் தள்ளிப் பார்ப்பார்கள்? டெம்ப்ளேட்டில் பத்துக் கட்டம் இருந்ததால் பத்தையும் நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தாளில் திட்டம் போடச் சொன்னால் உடனே வரும் பதில்: "எனக்கு வரையத் தெரியாதுங்க." வரையவே வேண்டாம்! விளக்குக்கு ஒரு கோடு போதும், கைக்கு ஒரு வட்டம் போதும். இந்தத் தாளை வாடிக்கையாளர் பார்க்கப்போவதில்லை. எதற்குப் பின் எது வருகிறது என்று நீங்கள் பார்ப்பதற்குத்தான் இது. அழகாக வரைய உட்கார்ந்தால் ஒரு கட்டத்தையும் தூக்கிப்போட மனசு வராது. கோணல்மாணலாக இருப்பதே நல்லது.

4 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் துண்டுத் தாள்களாக வெட்டிக்கொள்ளுங்கள். 1080 × 1350 பதிவின் விகிதமும் இதுதான். துண்டாக இருந்தால் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஐந்தாறு சொல்லுக்கு மேல் கட்டத்தில் ஏறாது. ஏறாதது போன் திரையிலும் படிக்க முடியாதது.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைசித் துண்டை முதலில் எழுதுங்கள்: "விளக்கின் உயரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்." அடுத்து முகப்பு: சாய்ந்த ஒரு கோடு, "உங்க வீட்டு விளக்கு ஆடுதா?" பிறகு நடுப்பகுதி. இரண்டில் பீடம், தண்டு, அகல், பிரபை நான்கும் கழற்றி வைத்த படம். மூன்றில் எந்த மூட்டு ஆடுகிறது என்று கையால் பிடித்துப் பார்ப்பது. நான்கில் மரையில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது. ஐந்தில் திருகி இறுக்குவது. ஆறில், அப்படியும் ஆடினால் மரை தேய்ந்திருக்கலாம், பட்டறைக்குக் கொண்டுவாருங்கள் என்பது. ஏழோடு முடிந்தது. கடை வரலாறு எங்கே? தேவைப்படவில்லை.

இனி ஒவ்வொரு துண்டாக மறைத்துப் பாருங்கள். மறைத்தும் கதை அறுபடவில்லையா, அதை எடுத்துவிடுங்கள். முகப்பை மறைத்து இரண்டாவதிலிருந்தும் படியுங்கள், முதல்முறை தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் இரண்டாவதைத்தான் காட்டும். அதுவும் தனியாக நிற்க வேண்டும்.

முகப்புத் துண்டின் இரு ஓரத்திலும் 2 மி.மீ. கோடு போட்டு அதற்குள் எழுதுங்கள். 2025 முதல் புரொஃபைல் கட்டங்கள் 3:4 விகிதத்தில் இருப்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுப்படும். முதல் ஸ்லைடின் விகிதமே மற்றவற்றுக்கும் என்பதால் பாகங்களை வரிசையாக வைத்துக் குறுக்காக எடுத்த போட்டோவில் ஓரத்திலிருக்கும் பிரபையோ பீடமோ போய்விடும். எந்தப் படத்தை நெடுக்காக எடுக்க வேண்டும் என்று அந்தந்தத் துண்டின் பின்னாலேயே எழுதுங்கள்.

தயவுசெய்து, துண்டுகளை வரிசையாக அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகே கேன்வாவைத் திறங்கள்.